முப்பதில் நரை: மூடுவதா, கலப்பதா, விட்டுவிடுவதா?

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் நான் வேலை செய்யும் சலூனில் முப்பது வயதை ஒட்டிய ஆண்கள் வந்து உட்கார்ந்தால் பெரும்பாலும் இரண்டு கேள்விதான். "அக்கா, நரையை மறைக்க என்ன அடிக்கலாம்?" அப்புறம், "என் கலருக்கு எந்தக் கலர் எடுக்கும்?" இவற்றைத் தனித்தனியாகக் கேட்கிறார்கள். ஆனால் நரை எங்கே, எவ்வளவு இருக்கிறது என்பது தெரியாமல் எதை அடிப்பது என்று சொல்ல முடியாது. எதை அடிக்கப்போகிறோம் என்பது தெரியாமல் எந்த நிறம் முகத்தில் உட்காரும் என்றும் சொல்ல முடியாது.

ஒருவரை வைத்தே சொல்கிறேன். வயது 31. துவாஸில் ஒரு பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர், பகலெல்லாம் தலையில் ஹெல்மெட். மூன்று மாதத்தில் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் கல்யாணம். பேர் வேண்டாம், மாப்பிள்ளை என்றே வைத்துக்கொள்வோம். வரும்போதே மூன்று பேரின் யோசனையைச் சுமந்துகொண்டு வந்தார். அம்மா, ஊரிலிருந்து வந்த மருதாணிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார். கூட வேலை பார்க்கும் நண்பர், முஸ்தஃபாவில் கறுப்பு டை ஒன்று வாங்கி அரை மணி நேரத்தில் வேலையை முடி என்றிருக்கிறார். கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணோ, "அப்படியே விடுங்க, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். மூவர் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது.

முதலில் தலையைப் பார்த்தோம். கண்ணாடியில் நேராகப் பார்த்தால் நரை இருப்பதைவிட அதிகமாகத்தான் தெரியும், ஏனென்றால் ஆண்களுக்கு அது முதலில் நெற்றிப்பொட்டிலும் காதோரத்திலும்தான் வரும், கண்ணாடியில் முதலில் கண்ணில் படுவதும் அந்த இடம்தான். அதனால் நான் சீப்பால் நான்கு இடத்தில் வகிடெடுத்துப் பார்ப்பேன்: நெற்றிப்பொட்டு, உச்சி, முன்தலை, பிடரி. மாப்பிள்ளைக்கு நெற்றிப்பொட்டில் கிட்டத்தட்டப் பாதி வெள்ளை. முன்தலையில் பத்துக்கு ஒன்று. உச்சியில் அதைவிடக் கொஞ்சம் கூட. பிடரியில் ஒன்றுமே இல்லை. மொத்தமாகப் பார்த்தால் கால் பங்குக்கும் குறைவு. அவர் மனதில் இருந்த கணக்கு "பாதித் தலை போச்சு" என்பது.

பிடரியைப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெயிலும் பழைய டையும் அதிகம் படாத முடி அங்கேதான் இருக்கும், ஆகவே அவரது சொந்த நிறம் அங்கேதான் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கொத்தைப் பிடித்துப் பார்த்தால் நம்மவர்கள் பலருடைய முடி சுத்தக் கறுப்பாக இருக்காது, ஓரத்தில் ஒரு பழுப்பு ஓடும். முடிச்சாயப் பெட்டிகளில் போட்டிருக்கும் எண்ணில் 1 என்பது மைக்கறுப்பு, 2 மிக அடர்ந்த பழுப்பு, 3 அடர்பழுப்பு, 4 நடுத்தரப் பழுப்பு, 5 வெளிர்பழுப்பு. மாப்பிள்ளையின் சொந்த முடி 2. நண்பர் வாங்கச் சொன்ன டை 1. அதாவது இயற்கையாக அவர் தலையில் எப்போதுமே இல்லாத ஒரு கறுப்பு.

இளநரை ஏன் என்று அவரும் கேட்டார். முடியின் வேரில் நிறமி தயாரிக்கும் செல்கள் தீர்ந்துபோவதுதான் நரை. ஆசியர்களுக்கு 25 வயதுக்கு முன் வந்தால் அதை இளநரை என்று தோல் மருத்துவர்கள் கணக்கில் எடுப்பார்கள். இவருக்கு 24-இல் ஆரம்பம், அப்பாவுக்கும் அப்படியே, ஆக பரம்பரை. வீட்டில் யாருக்கும் இல்லாமல் சீக்கிரம் வந்தால், அதிலும் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர் என்றால், பலதுறை மருந்தகத்தில் பி12-ஐயும் தைராய்டையும் ஒரு ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். அந்தக் குறையைச் சரிசெய்தால் சிலருக்குக் கொஞ்சம் நிறம் திரும்புவதுண்டு. பரம்பரை நரைக்கு எந்த எண்ணெயும் திருப்பிக் கொண்டுவராது. பிடுங்கினால் பக்கத்தில் பரவும் என்பது பொய். ஆனால் பிடுங்கிக்கொண்டே இருந்தால் அந்த இடத்தில் முடி முளைக்காமலே போகலாம். திடீரென்று ஒரே இடத்தில் திட்டாக வெளுத்தால் அது வேறு விஷயம், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இனி தோல். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கச் சொல்வார்கள். நம் நிறத்தில் அது பலருக்குச் சரியாகத் தெரியாது. நான் செய்வது எளிது. சலூன் விளக்கை விட்டு விலகி, வாசல் பக்கம் பகல் வெளிச்சத்தில் நிறுத்தி, கழுத்துக்குக் கீழே ஒரு பளீர் வெள்ளைத் துணியையும் பிறகு ஒரு சந்தன நிறத் துணியையும் பிடிப்பேன். வீட்டில் இருக்கும் வெள்ளை வேட்டியும் பட்டு வேட்டியும் இதற்குப் போதும். வெள்ளையில் முகம் தெளிந்து, சந்தன நிறத்தில் மங்கினால் குளிர்ந்த நிறச்சாயல். சந்தனத்தில் முகம் விளக்கேற்றினாற்போலத் தெரிந்து, வெள்ளையில் சாம்பல் பூத்தால் சூடான நிறச்சாயல். இரண்டிலும் வித்தியாசம் தெரியாவிட்டால் நடுநிலை, அப்படிப்பட்டவருக்குக் கவலை குறைவு. மாப்பிள்ளை கறுப்புக்கும் மாநிறத்துக்கும் நடுவில், சந்தனத்தில் தெளிகிற ரகம். வெள்ளையைப் பிடித்ததும் கண்ணுக்குக் கீழே கருவளையம் எடுத்துக் காட்டியது.

தோலின் ஆழம் ஒன்று, சாயல் ஒன்று. முடியை எவ்வளவு அடர்த்தியாக வைப்பது என்பதை ஆழம் சொல்லும். பொன்னா சாம்பலா என்பதைச் சாயல் சொல்லும். நல்ல கறுப்பு நிறத்தவர்களுக்கு 2, 3 எண்கள் இயல்பாக நிற்கும். மைக்கறுப்பைக்கூட அவர்கள்தான் மற்ற எல்லோரையும்விடத் தாங்குவார்கள், ஏனென்றால் தோலுக்கும் முடிக்கும் நடுவே கோடு விழாது. மாநிறத்துக்கு 3, 4. நல்ல சிவப்பான தோலில் 4, 5 வரை போகலாம். அதே தோலில் மைக்கறுப்பை அடித்தால் நெற்றியில் பேனாவால் கோடு போட்டது மாதிரி இருக்கும், முகத்தில் உள்ள களைப்பெல்லாம் மேலே வரும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. மாநிறத்தவர் ஒருவர் 6, 7 என்று வெளிர்நிறத்துக்குப் போனால் முடியும் தோலும் ஒரே நிறத்தில் கலந்து, முகத்துக்குச் சட்டமே இல்லாமல் போய்விடும். செம்பு, மாதுளைச் சிவப்பு போன்றவை முகப்பருத் தழும்பு உள்ளவர்களுக்கு அந்தச் சிவப்பை இன்னும் தூக்கிக் காட்டும். இதெல்லாம் குழப்பமாக இருந்தால் புருவத்தைப் பாருங்கள். புருவத்தைவிட ஒரு படிக்கு மேல் தலைமுடி கறுப்பாக இருந்தால் பார்க்கிறவருக்கு "டை" என்றுதான் முதலில் தோன்றும்.

இந்த மூன்று யோசனைகளையும், நான் சொன்ன நான்காவதையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கறுப்பு டை

நண்பர் சொன்னது நிரந்தரச் சாயம். அதன் வேலை இரண்டு பாதி. கூடவே வரும் பெராக்சைடு, வழக்கமாக 6 சதவீதம், முடியைத் திறந்து உள்ளே இருக்கும் இயற்கை நிறமியைக் கொஞ்சம் வெளுக்கும். பிறகு சாயம் உள்ளே போய்ப் பெரிதாகி மாட்டிக்கொள்ளும். முப்பது, முப்பத்தைந்து நிமிடத்தில் நரை முழுதாக மூடிவிடும். பாதிக்கு மேல் நரைத்த தலைக்கு இதைவிட உறுதியான வழி கிடையாது, அதில் சந்தேகமே இல்லை.

சிக்கல் அதற்குப் பிறகு. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளரும். கறுத்த முடியின் அடியில் மூன்று மில்லிமீட்டர் வெள்ளை, பத்து நாளிலேயே வகிட்டில் தெரியும். முன்பு கலந்து கிடந்த நரை, இப்போது ஒரே நேர்க்கோடாக நிற்கிறது. அதை மூட மறுபடி அடிக்கிறார்கள், வேரில் மட்டும் அடிக்காமல் தலை முழுக்கக் குழைத்துத் தேய்க்கிறார்கள். பழைய சாயத்தின் மேல் சாயம் ஏறி ஏறி நான்கைந்து தடவையில் நுனி மைபோலாகி, வெளிச்சம் பட்டாலும் மினுங்காத கறுப்பாகிவிடும். அந்தக் கறுப்பு பிடிக்காமல் பழுப்புக்கு வர நினைத்தால் பழுப்பு டை உதவாது. சாயத்தின் மேல் சாயம் பூசி வெளுக்க வைக்க முடியாது. பிளீச் வைத்து எடுக்க வேண்டும், எடுத்தால் முதலில் வருவது ஆரஞ்சு.

இன்னொரு கணக்கை மாப்பிள்ளைக்குப் போட்டுக் காட்டினேன். அவர் பக்கவாட்டில் மெஷினில் 2-ஆம் எண் வைத்து வெட்டுகிறவர், அதாவது ஆறு மில்லிமீட்டர். மாதம் ஒரு சென்டிமீட்டர் வளர்ச்சியில் ஆறு மில்லிமீட்டர் புதிதாக வளரப் பதினெட்டு நாள். அவர் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வெட்டுகிறார். ஆக, காதோரத்தில் அடிக்கும் சாயம் அடுத்த தடவை மெஷின் ஓடும்போது முழுசாகக் குப்பைக்கூடைக்குப் போய்விடும். நரை அதிகம் இருப்பதே அங்கேதான். நிரந்தரச் சாயம் என்ற பெயர் அவ்வளவு குட்டை முடிக்குப் பொருந்தாது.

மருதாணியும் அவுரியும்

அம்மாவின் பொட்டலம். மருதாணி மட்டும் வெள்ளை முடியில் பட்டால் ஆரஞ்சு. தேக்கா சந்தையில் காலையில் மீன் வாங்க வரும் பெரியவர்கள் சிலர் தலையில் பார்க்கிறோமே, அதுதான். கறுப்பு முடியில் அந்த நிறம் தெரியாது, நரையில்தான் தெரியும். அதனால் நரை எங்கெங்கே என்று அடிக்கோடு போட்டுக் காட்டியதாகிவிடுகிறது.

அடர்பழுப்பு வர அவுரி வேண்டும். இரண்டையும் சரிபாதி கலந்து ஒரே தடவையில் போட்டால் பழுப்பு. முதலில் மருதாணி இரண்டு மணி நேரம், கழுவிவிட்டு அவுரி ஒன்றரை மணி நேரம் என்று போட்டால் கறுப்புக்குப் பக்கம் வரும். மருதாணியை முன்கூட்டியே கரைத்து ஊறவைக்க வேண்டும், அவுரியோ வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்த கால் மணி நேரத்தில் தலைக்குப் போய்விட வேண்டும், வைத்திருந்தால் வீரியம் போய்விடும். கழுவியவுடன் ஒரு பச்சைச் சாயல் தெரியும், பயப்பட வேண்டாம், ஒன்றிரண்டு நாளில் காற்று பட்டு இருண்டுவிடும்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது பெரிய வரம். முடியும் தடிப்பாகத் தெரியும். ஆனால் துவாஸ் வெயிலில் ஹெல்மெட்டுக்குள் வியர்த்து, தினமும் ஷாம்பு போட்டுக் குளிப்பவருக்கு அவுரி முதலில் வெளியேறும், மருதாணி அப்படியே தங்கும். மூன்றாவது வாரத்தில் நெற்றிப்பொட்டு செம்பட்டையாகும். சூடான நிறச்சாயல் உள்ள மாநிறத் தோலுக்குப் பக்கத்தில் செம்பட்டை, தோலோடு ஒன்றிப் போய் நெற்றியை ஏறிப்போனதாகக் காட்டும். மாப்பிள்ளைக்கு இருந்தது அதே தோல், அதே இடம்.

பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன். "பிளாக் ஹென்னா" என்று பெரிதாகவும், உட்பொருட்கள் பொடியெழுத்திலும் இருந்தன. அதில் பாராஃபினைலீன்டையமின், சுருக்கமாக பிபிடி. கடை டைகளில் இருக்கும் அதே சாயப்பொருள். ஒரு மணி நேரத்தில் கறுப்பாக்கும் மருதாணி என்று எதுவும் செடியில் காய்ப்பதில்லை. இயற்கை என்று நம்பி, சோதிக்காமல் தலை முழுக்கப் பூசுவதுதான் இதில் ஆபத்து. சிங்கப்பூரில் விற்கும் அழகுப்பொருட்களை விற்பனைக்கு முன்பே சுகாதார அறிவியல் ஆணையத்திடம் நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும். பெட்டியில் வைத்து ஊரிலிருந்து கொண்டுவருவதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

அப்படியே விடுவது

பெண் சொன்னது சோம்பேறி யோசனை போலத் தெரிந்தாலும் சில தலைகளுக்கு இதுதான் முதல் பரிசு. அடர்ந்த நிறத் தோலில் வெள்ளி நரை பளிச்சென்று எடுக்கும். அதற்கு இரண்டு நிபந்தனை. வெட்டு சுத்தமாக இருக்க வேண்டும், நரை மஞ்சளிக்கக் கூடாது. வெயில், எண்ணெய்ப் பிசுக்கு, சிகரெட் புகை எல்லாம் வெள்ளை முடியை மஞ்சளாக்கும். வாரம் ஒரு தடவை ஊதா ஷாம்பு போட்டு இரண்டு மூன்று நிமிடம் விட்டுக் கழுவினால் அந்த மஞ்சள் அடங்கும். அதற்கு மேல் விட்டால் நரையில் ஊதா ஒட்டிக்கொள்ளும்.

வெட்டே ஒரு மருந்துதான். பக்கவாட்டை 2-இலிருந்து 1-க்கு, அதாவது மூன்று மில்லிமீட்டருக்கு இறக்கினால் முடிக்கு நடுவே தோல் தெரிய ஆரம்பிக்கும். அப்போது கண் கறுப்பு, வெள்ளை என்று பிரித்துப் பார்க்காது, மங்கலான ஒரு நிழலாகப் பார்க்கும். மாப்பிள்ளையின் நரையில் பெரும்பகுதி இருந்த இடம் இந்த ஒரு வெட்டிலேயே அடங்கிவிட்டது. காசு கூடக் கிடையாது, வழக்கமான முடிவெட்டுக் கட்டணம்தான். மிச்சம் இருந்தது முன்தலையிலும் உச்சியிலும்.

கலப்பது

எனக்குப் பிடித்த வழியைக் கடைசியில் வைத்திருக்கிறேன், பாரபட்சம் என்றால் பாரபட்சம்தான். நரையை மூடாமல் மங்கவைப்பது. அரை நிரந்தரச் சாயம் என்று கேட்டால் சலூன்களில் தெரியும். இதில் பெராக்சைடு குறைவு, 2 முதல் 3 சதவீதம் அளவில் இருக்கும். அது கறுப்பு முடியை அவ்வளவாக வெளுக்காது, வெள்ளை முடியில் மட்டும் ஒரு பழுப்பு படியும். ஷாம்பு தொட்டியில் படுக்கவைத்து ஈரமுடியில் குழைத்துச் சீவி, ஐந்து முதல் பத்து நிமிடம். முடிவில் நரை காணாமல் போகாது. வெயிலில் நிறம் இறங்கிய முடிபோலக் கறுப்புக்கு நடுவே கிடக்கும்.

நிறத் தேர்வில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பெட்டி வாங்கி வீட்டில் அடிப்பவர்கள் தவறுவது இங்கேதான். ஒரே சாயம் இருவகை முடியில் இருவிதமாக வரும். கறுப்பு முடிக்குள் இயற்கையாகவே சிவப்பும் ஆரஞ்சும் ஒளிந்திருக்கின்றன. நரைக்குள் எதுவும் இல்லை, வெற்றுத்தாள். அதனால் பெட்டி எண்ணில் புள்ளிக்குப் பின் 1 போட்ட சாம்பல் நிறத்தை, செம்பட்டை வராது என்று நம்பி நரையில் அடித்தால் அது அழுக்குப் பச்சை கலந்த சாம்பலாக நிற்கும். 3 போட்ட பொன் நிறத்தை மட்டும் அடித்தால் பித்தளை. நரைக்கு அடிப்படை எப்போதும் 0 போட்ட இயற்கை நிறம். அதற்கு மேல்தான் தோலுக்கு ஏற்ற சாயலைக் கொஞ்சம் சேர்ப்பது.

எந்த ஆழம்? சொந்த நிறத்தைவிட ஒன்றிரண்டு படி வெளிர். சொந்த நிறம் 2 என்றால் 2-ஐயே போடலாமே என்று தோன்றும். போட்டால் நரை கறுத்து, வேர் வளரும்போது மறுபடி கோடு விழும். 4 போட்டால் நரை பழுப்பாகிறது, வளர்ந்து வரும் வேருக்கும் அதற்கும் வித்தியாசம் குறைவு, யாருக்கும் கோடு தெரியாது. மாப்பிள்ளைக்குக் கலந்தது 4.0 மூன்று பங்கு, 4.3 ஒரு பங்கு. சூடான தோல் என்பதால் அந்த ஒரு பங்கு பொன். அவர் குளிர்ந்த சாயல் என்றால் அதையும் விட்டுவிட்டு வெறும் 4.0 போட்டிருப்பேன். ஐந்தாவது நிமிடத்தில் முன்தலையில் ஒரு கொத்தை டிஷ்யூவால் துடைத்துப் பார்த்தேன், இன்னும் மஞ்சளாக இருந்தது. எட்டாவது நிமிடத்தில் பழுப்பு. கழுவிவிட்டோம்.

குறை என்ன? தங்காது. இருபது, இருபத்தைந்து தலைக்குளியல்தான் இதன் ஆயுள். குளிர்நாட்டில் வாரம் மூன்று முறை தலைக்குக் குளிப்பவருக்கு அது இரண்டு மாதம். இங்கே தினமும் தலைக்கு ஊற்றுகிறவருக்கு மூன்றரை வாரம். நீச்சல்குளத்துக் குளோரினில் இன்னும் குறையும். ஆனால் மாப்பிள்ளை எப்படியும் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வெட்ட வருகிறார், அதோடு எட்டு நிமிடம் சேர்கிறது, அவ்வளவே. பிடிக்காவிட்டால் அடிக்காமல் விட்டால் போதும், அதுவாக மங்கிப் பழைய நிலைக்கு வந்துவிடும்.

மொத்த நரை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதவரை நான் கலப்பதைத்தான் சொல்வேன். பாதியைத் தாண்டிவிட்டால் எட்டு நிமிடச் சாயம் போதாது, பார்க்க அரைகுறையாக இருக்கும். அப்போது முழுதாக மூடி மாதாமாதம் வேருக்கு மட்டும் அடிக்கும் பொறுமை இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும்.

கல்யாணத் தேதியிலிருந்து பின்னோக்கி

முடிவு இப்படி: பக்கவாட்டு 1-ஆம் எண்ணில் வெட்டு, மேலே கலப்பு. இதைக் கல்யாணத்துக்கு எட்டு வாரம் முன்பே ஒருமுறை செய்து பார்த்தோம், பிடிக்காவிட்டால் மங்குவதற்கு அவகாசம் இருக்கட்டும் என்று. கடைசித் தடவை எப்போது என்பதில்தான் அம்மாவோடு ஒரு பேச்சு. ஒரு வாரம் முன்பே முடித்துவிடலாம் என்றார். நலங்கு என்றைக்கு என்று கேட்டேன். கல்யாணம் ஞாயிறு, நலங்கு வியாழன். தலையில் எண்ணெய், முகத்தில் மஞ்சள், பிறகு சீயக்காய்க் குளியல். கலப்புச் சாயத்தில் பாதி அந்தக் குளியலிலேயே இறங்கிவிடும், காதோர நரையில் மஞ்சளும் ஏறும். ஆகவே வெள்ளிக்கிழமை மாலை, எண்ணெய்ப் பிசுக்கு சுத்தமாகப் போன தலையில். முதலில் வெட்டு, பிறகு சாயம், மாற்றிச் செய்தால் சாயம் வீண். அன்றைக்கு மட்டும் காதோரத்துக்கும் சேர்த்து அடித்தோம், இரண்டு நாள் படத்துக்காக. நெற்றி ஓரத்திலும் காதிலும் வாஸ்லின் தடவினால் தோலில் கறை பிடிக்காது.

சோதனையைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்ன எதற்கும் அர்த்தமில்லை. கலப்புச் சாயத்திலும் பிபிடியோ அதன் உறவுக்காரப் பொருளோ இருக்கிறது. அம்மோனியா இல்லை என்று பெட்டியில் போட்டிருப்பதால் ஒவ்வாமை வராது என்று அர்த்தமில்லை. அம்மோனியாவுக்கும் இந்த ஒவ்வாமைக்கும் சம்பந்தம் கிடையாது. காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பார்க்க வேண்டும். எப்படி வைப்பது என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருப்பார்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அந்தச் சாயம் வேண்டவே வேண்டாம். ஐந்து வருடமாக அடிக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை என்பவர்களுக்கும் ஆறாவது வருடம் வரலாம், இந்த ஒவ்வாமை பழகப் பழகத்தான் உண்டாகும். எப்போதாவது கையில் கறுப்பு மருதாணி போட்டு அரித்த அனுபவம் இருந்தால் பெட்டியைத் திறக்கவே கூடாது. அடித்த அன்றே தெரிவது குறைவு. மறுநாளோ அதற்கு மறுநாளோ நெற்றி அரித்து, காது சிவந்து, இமை வீங்கும். முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ நேராக அவசரப் பிரிவுக்கு. எதனால் என்று உறுதிசெய்ய, பலதுறை மருந்தகத்தில் கடிதம் வாங்கிக்கொண்டு மண்டலே ரோடு தேசியத் தோல் நிலையத்துக்குப் போனால் முதுகில் ஒட்டுப் பரிசோதனை செய்வார்கள். ஒவ்வாமை உறுதியானவருக்கு இருக்கும் வழி, வெட்டும் ஊதா ஷாம்பும், கலப்படமில்லாத மருதாணி அவுரியும்.

தாடியைப் பற்றி மாப்பிள்ளை கடைசியில்தான் கேட்டார். மோவாயில் இரண்டு பக்கமும் நரை. தலைக்குக் கலந்ததில் மிச்சம் கிண்ணத்தில் இருந்தது, அதையே தடவிவிடுங்கள் என்றார். தாடி முடி தடிப்பு, அடியில் இருக்கும் தோல் தலைத்தோலைவிட மென்மை, ஷேவ் செய்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறலும் இருக்கும். தாடிக்கென்று விற்பதைத் தனியாகச் சோதித்து, தலையைவிட ஒரு படி வெளிரான நிறத்தில், ஐந்து நிமிடத்துக்கு மேல் வைக்காமல் போட வேண்டும். தலைக்குச் சமமான கறுப்பில் தாடி இருந்தால் ஒட்டுத் தாடிபோல இருக்கும், மாநிறத்தில் அது இன்னும் அப்பட்டம். அவருக்கு நான் சொன்னது, தாடியை மூன்று மில்லிமீட்டருக்குக் குறைத்துவிட்டு நரையை அப்படியே விடுங்கள் என்று. தலை சீராக இருந்தால் மோவாய் நரையை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. பெண்ணிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனார். மறுநாள் வாட்ஸ்அப்பில் வந்தது ஒரே வரி: "தாடியில கை வைக்க வேணாம்னு உத்தரவு, அக்கா."